தோளிலிருந்து முழங்கை வரை

புதன்கிழமை முற்பகல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. வியாழன் காலையில் பள்ளிக்குக் கிளப்பச் சட்டையைப் போடும்போதுதான் அம்மா கவனிக்கிறாள்: பையனின் இடது கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிக் கிடக்கிறது. தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது. ஊசி குத்திய இடத்தில் கோலிக்குண்டு அளவு வீங்கினால் யாரும் பயப்படமாட்டார்கள். மேல்கை முழுவதும் வீங்கினால், "ஊசியில் ஏதோ கோளாறு" என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த தெருப் பெண் ஐந்தரை வயது மகனைக் கூட்டிக்கொண்டு மாலையில் என்னிடம் வந்தது அப்படித்தான். நான் குழந்தை மருத்துவம் பார்க்கிறவள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

"அக்கா, இவன் கையைப் பாருங்க. மருந்து விஷமாயிடுச்சான்னு மாமியார் கேக்கறாங்க."

பையன் அதற்குள் என் மேசையிலிருந்த பேனாவை அந்த வீங்கிய கையாலேயே எடுத்துத் திருகிக்கொண்டிருந்தான். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. "விஷமும் இல்லை, சீழும் இல்லை, உட்காரும்மா" என்றேன். மீதிப் பதிலுக்கு இரண்டு டம்ளர் டீ ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்குப் போட்டது டி.பி.டி. இரண்டாம் பூஸ்டர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊசி. நம் அரசு அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி போடுகிறார்கள். இந்த மூன்று நோய்களுக்கான மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் தொடையில் முதல் பூஸ்டர், 5 முதல் 6 வயதுக்குள் மேல்கையில் இரண்டாம் பூஸ்டர். ஆக, இந்தப் பையனின் உடம்பு இதே மருந்தைப் பார்ப்பது ஐந்தாவது முறை. வீக்கத்துக்கான காரணம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஆறு வாரக் குழந்தைக்கு முதல் தவணை போகும்போது அதன் உடம்புக்கு அந்த மருந்து அந்நியம். நிதானமாக அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க நாட்கள் ஆகும். நான்காவது, ஐந்தாவது தவணையில் நிலைமை வேறு. ஒருமுறை திருடன் வந்துபோன தெருவில் அடுத்த முறை ஒரு நாய் குரைத்தால் போதும், எல்லா வீட்டு விளக்கும் எரியும், எல்லாரும் கம்போடு வெளியே வருவார்கள். அதுபோல, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் முன்பே இருக்கிறது. இந்த மருந்தை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களும் இருக்கின்றன. தசைக்குள் சென்ற மருந்து அங்கேயே சிறிது நாள் தங்கும்படி அலுமினிய உப்போடு சேர்த்துத்தான் தயாரிக்கப்படுகிறது. அந்த இடத்துக்கு எதிர்ப்புப் பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது; வெள்ளணுக்கள் கூடுகின்றன; அவை விடும் ரசாயனங்களால் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, உள்ளேயிருந்து நீர் கசிகிறது. வீக்கம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த நீரைத்தான்.

ஆஸ்திரேலியாவில் இப்படி வீங்கிய குழந்தைகளின் கையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தார்கள். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கு, அதற்குக் கீழேயுள்ள தசை என இரண்டுமே தடித்திருந்தன. வெளியே தெரிவது பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்: ஊசி போன ஒரு புள்ளி மட்டுமல்ல, மூட்டுக்கு மூட்டு அந்தப் பகுதி முழுவதும் நீர் கோத்துக்கொள்கிறது. கையில் போட்டால் தோளிலிருந்து முழங்கை வரை. தொடையில் போட்டால் இடுப்பு மடிப்பிலிருந்து முழங்கால் வரை.

"அப்போ தனியார்ல வலியில்லா ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதா?" என்று கேட்டாள். எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்விதான்.

இதன் பதில் பலரையும் ஆச்சரியப்படுத்தும். அரசு மையத்தில் போடும் டி.பி.டி.யில் கக்குவான் கிருமி முழுதாக, செயலிழந்த நிலையில் இருக்கும். தனியாரில் வலியில்லா ஊசி என்று சொல்வதில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த சில புரதங்கள் மட்டும் இருக்கும். கைக்குழந்தைப் பருவத்தில் இரண்டாவது வகைக்குக் காய்ச்சலும் வலியும் குறைவு என்பது உண்மை. ஆனால் கையோ தொடையோ முழுவதும் வீங்கும் இந்த நிலை மருத்துவ உலகில் விரிவாகப் பதிவானதே அந்த வலியில்லா வகையின் பூஸ்டர்களில்தான். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ரென்னல்ஸ் குழுவினர் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு நடந்த தடுப்பூசி ஆய்வுகளின் குறிப்புகளைத் திரும்பப் புரட்டி, ஒரே வகை ஊசியை நான்கு தவணையும் போட்டுக்கொண்ட 1,015 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் 20 பேருக்கு நான்காவது தவணைக்குப் பின் தொடை முழுவதும் வீங்கியிருந்தது. ஐம்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது தவணையிலும் ஏறத்தாழ அதே அளவு. எல்லாருக்கும் அது தானாகவே வடிந்தது. ஒருவருக்கும் பின்விளைவு மிஞ்சவில்லை. முழுக் கிருமி ஊசியிலும் இந்த வீக்கம் வருவதுண்டு. ஆகவே அரசு மையத்திலா தனியாரிலா என்பதைவிட, எத்தனையாவது தவணை என்பதே இதில் முக்கியம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஊசியில் தொண்டை அடைப்பான் மருந்தின் அளவு கூடக்கூட இந்த வீக்கம் வரும் வாய்ப்பும் கூடியது. இது பின்னால் அடுத்த ஊசியைப் பற்றிப் பேசும்போது உதவும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பையனிடம் வருவோம். ஆபத்தா இல்லையா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் கிருமித் தொற்றிலும் வரும், இதிலும் வரும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. நான் மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

முதலாவது நேரம். ஊசி புதன் காலை 11 மணிக்கு. அன்றிரவு படுக்கும்போது ஊசி போட்ட இடம் மட்டும் தடித்திருந்தது. வியாழன் காலையில், அதாவது ஒரு நாள் முடிவதற்குள், கை முழுவதும். இந்த வீக்கத்தின் வழக்கமான கணக்கு அதுதான்: பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழு உருவம் எடுத்துவிடும். வெள்ளணுக்கள் கூடுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.

இரண்டாவது எல்லை. சட்டையைக் கழற்றி இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுத்தேன். வலது கை 17 சென்டிமீட்டர், இடது கை இருபதரை. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதினேன். வீக்கம் முழங்கையில் நின்றுவிட்டது. முன்கையும் விரல்களும் சாதாரணமாக இருந்தன. விரல்கள் வெதுவெதுப்பாக, நகம் இளஞ்சிவப்பாக இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் உடனே நிறம் திரும்பியது.

மூன்றாவது குழந்தை. எல்லாவற்றிலும் பெரிய சாட்சி அவன்தான். மத்தியானம் சாதம் சாப்பிட்டானா? சாப்பிட்டான். விளையாடினானா? காலையில் கொஞ்சம் சிணுங்கினான், பிறகு தம்பியோடு சண்டை போட்டான். காய்ச்சல் 100.4 டிகிரி. கையைத் தூக்கு என்றால் பாதி வரை தூக்கினான், அதற்கு மேல் "வலிக்குது" என்றான். கையின் தோற்றத்துக்கும் குழந்தையின் நடத்தைக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைதான் இந்த வீக்கத்தின் அடையாளம். கையைப் பார்த்தால் பெரியவர்களே துடித்திருக்க வேண்டும் போலிருக்கும். பிள்ளையோ அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டான். தொடையில் போட்ட ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு நாள் இரண்டு நாள் நொண்டும், தூக்கச் சொல்லும், நடக்க மறுக்கும். அதுவும் இதில் சேர்ந்ததே. நிறுத்தி வைத்தால் காலை ஊன்றாவிட்டாலும், படுத்திருக்கும்போது அந்தக் காலை உதைத்து மடக்குகிறதா என்று பாருங்கள். மடக்கினால் வலிதான் காரணம், கால் செயலிழக்கவில்லை.

"அப்போ எப்பதான் பயப்படணும், அதைச் சொல்லுங்க" என்றாள். சரியான கேள்வி.

ஊசிக்குப் பின் வரக்கூடிய வேறு சிலவற்றுக்கும் தனித்தனி நேரம் உண்டு. ஒவ்வாமை அதிர்ச்சி நிமிடங்களில் வரும்: உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். மறுநாள் வருகிற கை வீக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிருமித் தொற்று வேறு மாதிரி நகரும். முதல் இரண்டு நாளும் பெரிய தொந்தரவு இல்லாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாளுக்கு மேல் சிவந்து, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டும். சீழ்க்கட்டி என்றால் வீக்கம் பரவாமல் ஓர் இடத்தில் திரளும், அழுத்தினால் உள்ளே நீர் ததும்புவது தெரியும். அரிதாக, சுத்தக் குறைவால் வரும் கடுமையான தொற்று முதல் நாளிலேயே கூடத் தொடங்கலாம். ஆனால் அந்தக் குழந்தை பேனாவைத் திருகிக்கொண்டிருக்காது, துவண்டு கிடக்கும்.

ஆகவே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகளைச் சொன்னேன். வீக்கம் முழங்கையைத் தாண்டி முன்கைக்கோ, தோளைத் தாண்டி மார்புக்கோ இறங்கினால். விரல்கள் சில்லிட்டு, வெளுத்து அல்லது நீலமாகி, மரத்துப்போனால். விரலை நீட்டினாலே அலறினால். பேனாக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு மூன்றாம் நாளும் முன்னேறினால். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அல்லது விட்டுத் திரும்பி ஏறினால். சீழ் வந்தால். குழந்தை சோர்ந்து, சாப்பிடாமல், கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல் இருந்தால். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அவனிடம் ஒன்றும் இல்லை. அதனால் செய்ய வேண்டியதும் கொஞ்சம்தான். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அவ்வப்போது பத்து நிமிடம் கைமேல் போடலாம். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை. வலித்தால் பாராசிட்டமால். அளவு எடைக்கு ஏற்றது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பையன் 16 கிலோ, ஆகவே 240 மில்லிகிராம். இங்கேதான் வீடுகளில் தவறு நடக்கிறது. கடையில் இரண்டு விதச் சிரப் இருக்கும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது என்றால் அவனுக்கு 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றால் பத்து மில்லிக்குச் சற்றுக் குறைவு. சொட்டு மருந்து புட்டி இரண்டையும்விட அடர்த்தியானது. அதை ஸ்பூன் கணக்கில் கொடுக்கக் கூடாது. இரண்டு வேளைக்கு நடுவில் 6 மணி நேரம் இடைவெளி, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். வலியில்லாமல் விளையாடுகிறவனுக்குக் கடிகாரம் பார்த்துக் கொடுக்கவும் தேவையில்லை.

செய்யக் கூடாதவை இதைவிட நீளம். வெந்நீர் ஒத்தடம் ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தைக் கூட்டும். எண்ணெய் போட்டு நீவுவதும் அப்படியே. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் ஏற்கெனவே சூடாக இருக்கிற தோல் புண்ணாகும். நிறம் ஏறிவிட்டால் சிவப்பு எங்கே முடிகிறது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. மாமியார் வெள்ளிக்கிழமை பற்றுப் போடுவதாக இருந்தாராம். இப்போது வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லச் சொன்னேன்.

ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். இந்த வீக்கத்தில் கொல்வதற்குக் கிருமியே இல்லை. ஆனால் பயந்துபோய் வருகிற பெற்றோரும், சிவந்த கையைப் பார்க்கிற மருத்துவரும் சந்திக்கும்போது அந்த மருந்து எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் நாள் வீக்கம் வடியும், அது எப்படியும் வடிந்திருக்கும், பெயர் மாத்திரைக்குப் போய்விடும். மாத்திரையால்தான் சரியானது என்றால் ஊசியால் கிருமி ஏறியது என்றாகிவிடுகிறது. அந்த வீட்டில் அடுத்த ஊசி நடக்காது.

"ஊசிக்கு முன்னாடியே பாராசிட்டமால் கொடுத்திருந்தா தடுத்திருக்கலாமா?"

அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் தவணைக்கு முன்பே பாராசிட்டமாலோ ஐபுப்ரொஃபெனோ கொடுத்து, அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. ஊசி போட்ட இடத்து வீக்கத்தை இரண்டும் தடுக்கவில்லை. ஊசி எங்கே, எப்படிப் போடப்படுகிறது என்பது ஓரளவு வித்தியாசம் செய்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இதே வகை ஊசியைக் கையில் போட்ட குழந்தைகள், தொடையில் போட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வீக்கத்துக்காக மருத்துவரிடம் வந்ததாக 2013-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஒன்றரை வயதுப் பூஸ்டரைத் தொடையில் போடுவதே நம் முறை. "கையிலேயே போட்டுவிடுங்கள், நடக்க வேண்டுமே" என்று செவிலியரை வற்புறுத்த வேண்டாம். ஊசி நீளம் போதாமல் மருந்து தசையை எட்டாவிட்டால், தோலடிக் கொழுப்பிலேயே தங்கி எரிச்சலைக் கூட்டும். குட்டி ஊசி என்றால் குறைவாக வலிக்கும் என்பது பெற்றோரின் எண்ணம். சிறு குழந்தைகளிடம் நடத்திய ஒப்பீடுகளில் 25 மில்லிமீட்டர் ஊசிக்குத்தான் 16 மில்லிமீட்டர் ஊசியைவிட வீக்கம் குறைவாக இருந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றும்போது அவள் சொன்னாள், போன வருஷம் தன் கணவருக்கும் இப்படித்தான் கை வீங்கியதாம். பட்டறையில் வேலை. தகரம் கீறினால் உடனே டி.டி. ஊசி. எத்தனை போட்டிருப்பார் என்று கணக்கே இல்லை.

அது இதன் பெரியப்பா. நம் ஊரில் ரண ஜன்னி ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அடிக்கடி போடப்போட ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மிதமிஞ்சிச் சேரும். அந்த நிலையில் இன்னொரு ஊசி போனால் சில மணி நேரத்திலேயே கை தோள் முதல் முழங்கை வரை கல் மாதிரி வீங்கிக் கடுமையாக வலிக்கும். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ஆர்த்துஸ் 1903-ல் முயல்களுக்குக் குதிரைச் சீரத்தைத் திரும்பத் திரும்ப ஊசி போட்டுக் கண்டுபிடித்த எதிர்வினை இது. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். குழந்தையின் பூஸ்டர் வீக்கத்திலும் இதன் சாயல் கொஞ்சம் உண்டு, ஆனால் அதில் வெள்ளணுக்களின் பங்கும் சேர்ந்திருப்பதால் மெதுவாக வருகிறது, குறைவாக வலிக்கிறது. அவள் கணவருக்கான அறிவுரை வேறு: தவணைகள் எல்லாம் முடித்தவருக்குச் சுத்தமான சிறு காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு 10 வருஷம் ஆகாவிட்டால் திரும்ப வேண்டியதில்லை. மண், சாணம் பட்ட காயம், ஆழமான காயம் என்றால் 5 வருஷம் கணக்கு. ஒருமுறை அப்படிக் கல்லாக வீங்கியவர் பத்து வருஷம் கழியாமல் அடுத்த ஊசிக்குக் கையை நீட்டக் கூடாது. கடைசி ஊசித் தேதியை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

குழந்தைக்கு இந்த விதி பொருந்தாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பூஸ்டருக்குப் பின் கையோ தொடையோ முழுவதும் வீங்கியது என்பது அடுத்த தவணையை நிறுத்தக் காரணம் அல்ல. டி.பி.டி.யை நிறுத்த வேண்டியது வேறு நிலைகளில்: முந்தைய தவணைக்கு ஒவ்வாமை அதிர்ச்சி வந்திருந்தால், அல்லது ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் எதுவும் இல்லாமல் மூளை பாதித்து நினைவு தவறியிருந்தால். வீங்கிய கை அந்தப் பட்டியலில் இல்லை. ஒன்றரை வயதில் தொடை வீங்கிய குழந்தைக்கு ஐந்து வயதில் மறுபடி வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் முன்பு போலவே வடிந்து போகும்.

நம் பையனுக்கு அடுத்தது 10 வயதில், பிறகு 16 வயதில். அவை டி.பி.டி. அல்ல. அவற்றில் கக்குவான் பகுதியே கிடையாது. தொண்டை அடைப்பான் மருந்தும் சிறுவர் ஊசியில் இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு. வீக்கம் மருந்தின் அளவோடு கூடுகிறது என்று முன்பு சொன்னேனே, பெரிய பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்ததில் அந்தக் கணக்கும் இருக்கிறது. முந்தைய தவணைகளின் நினைவு உடம்பில் இருப்பதால் அந்தச் சிறு அளவே போதும்.

பெற்றோருக்கு மட்டுமல்ல, ஒரு நாட்டுக்கே இந்த வீக்கம் தயக்கத்தைக் கொடுத்ததுண்டு. ஆஸ்திரேலியா 2003-ல் பதினெட்டு மாதத் தவணையை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தத் தவணை பிந்தைய ஊசிகளில் பெரிய வீக்கத்தை வரவழைக்கிறது என்பதும், முதல் மூன்று தவணையின் பாதுகாப்பே பள்ளி வயது வரை போதும் என்ற எண்ணமும் சேர்ந்து எடுத்த முடிவு அது. ஆனால் மூன்று வயதுக்குள்ளேயே பாதுகாப்பு தேய்ந்தது. சின்னப் பிள்ளைகளிடம் கக்குவான் இருமல் கூடியது. 2016-ல் அந்தத் தவணையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான்கைந்து நாள் வீங்கும் தொடையைத் தவிர்க்க, வாரக்கணக்கில் இருமி நீலம் பாரிக்கும் நோயை விலை கொடுக்க முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் பார்த்தார்கள். இந்தியாவில் இன்று தொண்டை அடைப்பான் ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளிடம்தான் கூடுதலாகத் தெரிகிறது. கைக்குழந்தைத் தவணைகளோடு நிறுத்திவிட்டு பூஸ்டரைத் தவறவிட்டவர்கள் அதில் நிறைய.

"சரிக்கா, நர்ஸம்மாகிட்ட சொல்லணுமா? திட்டப்போறேன்னு நினைக்கமாட்டாங்களா?"

சொல்ல வேண்டும், புகாராக அல்ல, தகவலாக. தடுப்பூசிக்குப் பின் வரும் விளைவுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. ஊசி இடத்து வீக்கம் அருகிலுள்ள மூட்டைத் தாண்டினாலோ, வலியும் சிவப்பும் வீக்கமும் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ அதைக் கடுமையானது என்று வகைப்படுத்துவார்கள். இவனுடையது முழங்கையோடு நின்றது; மூன்று நாளில் வடியத் தொடங்கினால் சாதாரண விளைவுகள் பட்டியலில் சேரும். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. அரசு மையத்தில் ஒரு குப்பியிலிருந்து பத்துக் குழந்தைகளுக்குப் போடுவார்கள். ஒரு பையனுக்கு மட்டும் வீங்கினால் அது அவன் உடம்பின் எதிர்வினை. அதே குப்பியில் போட்ட மூன்று நான்கு பிள்ளைகளுக்கும் கை வீங்கிச் சீழ் வைத்தால் கோளாறு குப்பியிலோ கையாண்ட விதத்திலோ இருக்கிறது. அதைச் செவிலியர் கண்டுபிடிக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் செய்தி வந்தால்தான் முடியும்.

சனிக்கிழமை மத்தியானம் அவளே போனில் அழைத்தாள். நடுக்கையின் சுற்றளவு பதினெட்டரை. சிவப்பு பேனாக் கோட்டுக்கு உள்ளே சுருங்கிவிட்டது, காய்ச்சல் வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டது, இப்போது அரிக்கிறது என்கிறான். வடியும்போது அரிப்பு வருவது சகஜம். நகத்தால் சொறிய விடாதே என்றேன். திங்களன்று இரண்டு கையும் ஒரே அளவு. ஊசி போன இடத்தில் மட்டும் பட்டாணி அளவுக் கெட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலிக்காது, சிவக்காது. அலுமினிய உப்பு கரையும்வரை அது சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட இருக்கும். யாரும் அதை அழுத்தி உடைக்கப் பார்க்க வேண்டாம்.

தடுப்பூசி அட்டையில் இரண்டாம் பூஸ்டர் கட்டத்துக்குப் பக்கத்தில் அவளை இப்படி எழுதி வைக்கச் சொன்னேன்: "இடது மேல்கை முழுவதும் வீக்கம், ஒரு நாளில் வந்தது, ஐந்து நாளில் வடிந்தது, மூச்சுத் திணறல் இல்லை, ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை." பத்து வயதில் ஊசி போடுகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். அவர் வலது கையில் போட்டு அனுப்புவார்.